ஓர் அலகு மின்சாரத்தின் உண்மை விலை: கட்டணப் பட்டியலைப் பிரித்துக் கணக்கிடும் முறை

கிழக்கு இலண்டனில் ஒரு படுக்கையறை வீடொன்றில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். ஜனவரி முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31 வரையான மூன்று மாதங்களுக்குரிய மின்கட்டணப் பட்டியல் அவருக்கு வருகிறது. முதற்பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில், செலுத்தவேண்டிய தொகை 174.75 பவுண் என்று காணப்படுகிறது. அதே பக்கத்தில், அவர் பாவித்த மின்சாரம் 300 அலகுகள் என்றும் உள்ளது. அவர் முதலாவது எண்ணை இரண்டாவதால் வகுக்கிறார். ஓர் அலகு 58 பென்ஸுக்கு மேல் என்று விடை வருகிறது. அன்றிரவு முதல் அவர் படுக்கையறையின் மின்கணப்பியைப் போடுவதில்லை.

அவர் செய்த வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. வகுபட்ட எண்தான் தவறானது. அவருடைய வீட்டில் ஓர் அலகின் சராசரி விலை 38.85 பென்ஸ். கணப்பியைப் போடுவதா இல்லையா என்று முடிவு செய்வதற்கு அவர் பார்க்கவேண்டிய விலை அதுவுமன்று, அது 26.25 பென்ஸ் மட்டுமே. ஒரே பட்டியலிலிருந்து இம்மூன்று எண்கள் எவ்வாறு வருகின்றன, எந்தக் கேள்விக்கு எந்த எண் விடையாகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இங்கே தரப்படும் வீதங்கள் கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவை. வீட்டிலுள்ள பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்களை இவற்றின் இடத்தில் இட்டு வாசிப்பது நல்லது.

பட்டியலின் இரண்டாம் பக்கம்

முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கணக்கின் நிலுவை. அந்த மூன்று மாதங்களுக்குரிய மின்சாரத்தின் விலை அன்று. மூதாட்டியின் கணக்கில் முந்திய காலத்திலிருந்து 58.20 பவுண் செலுத்தப்படாமல் இருந்தது. இக்காலத்திற்கான கட்டணம் 116.55 பவுண். இரண்டும் சேர்ந்தே 174.75 ஆயின. மாதந்தோறும் வங்கியிலிருந்து டிரெக்ட் டெபிட் மூலம் பணம் செலுத்துவோர் இதைவிட எளிதாகத் தவறிவிடுவர். மாதத் தவணை என்பது ஓராண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நிறுவனம் ஊகித்துப் பன்னிரண்டால் பிரித்த தொகை. அதை அந்த மாதத்து அலகுகளால் வகுத்தால் கோடையில் மின்சாரம் மிக விலையுயர்ந்தது போலவும், குளிர்காலத்தில் மலிந்துவிட்டது போலவும் தோன்றும்.

ஆகவே முதலில் தேடவேண்டியது இரண்டாம் பக்கத்தில், அல்லது இணையக் கணக்கில் விபரமான பட்டியலில், மின்சாரம் என்ற தலைப்பின்கீழ் இருக்கும் வரிகளை. எரிவாயுவும் அதே நிறுவனத்திலிருந்து வருமாயின் அதற்கெனத் தனித் தலைப்பும் தனி நிலையான கட்டணமும் இருக்கும். அவற்றை இங்கு சேர்க்கக்கூடாது. மூதாட்டியின் பட்டியலில் அவ்வரிகள் பின்வருமாறு இருந்தன.

மின்மானி வாசிப்பு: முன்னையது 41,260, இப்போதையது 41,560, பாவனை 300 அலகுகள்.
அலகுக் கட்டணம்: 300 அலகுகள், அலகொன்றுக்கு 25.00 பென்ஸ் வீதம், 75.00 பவுண்.
நிலையான கட்டணம்: 90 நாட்கள், நாளொன்றுக்கு 40.00 பென்ஸ் வீதம், 36.00 பவுண்.
வரிக்கு முந்திய கூட்டுத்தொகை: 111.00 பவுண்.
பெறுமதி சேர் வரி, 5 சதவீதம்: 5.55 பவுண்.
மொத்தம்: 116.55 பவுண்.

அலகு என்பது ஒரு கிலோவாற் மணித்தியாலம். ஆயிரம் வாற் வலுவுள்ள கணப்பி ஒரு மணிநேரம் முழுமையாக எரிந்தால் செலவாகும் மின்சாரம் அது. நிலையான கட்டணம், பட்டியலில் ‘ஸ்டாண்டிங் சார்ஜ்’ என்று இருப்பது, மின்சாரம் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளுக்கும் சேர்வது. வீட்டில் வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் காட்சிப்பெட்டி உள்ளவர்கள் இதைக் கண்ணால் காணலாம். நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், வீட்டில் எதுவும் ஓடாத வேளையிலும், அன்றைய செலவென்று அது ஏற்கனவே 40 பென்ஸுக்கு மேல் காட்டும். பெட்டி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுவதுண்டு. அது அன்றைய நிலையான கட்டணத்தை நாளின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுகிறது.

வரியைப் பொறுத்தவரை பிரித்தானியாவில் வீட்டு மின்சாரத்தின் மீது தனி வரியாகக் காட்டப்படுவது பெறுமதி சேர் வரி ஒன்றே. 1994 ஏப்ரலில் இது வீட்டு எரிபொருளின் மீது முதன்முதலாக 8 சதவீதமாக விதிக்கப்பட்டது; 1997 செப்டெம்பரில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இது அலகுக் கட்டணம், நிலையான கட்டணம் இரண்டின் மீதும் விழுகிறது. புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்திக்கான ஆதரவுச் செலவு போன்ற அரசின் கொள்கைச் செலவுகள் வேறு உள. ஆனால் அவை தனி வரிகளாகத் தோன்றாமல் மேற்கூறிய இரு வீதங்களுக்குள்ளும் கரைந்திருக்கின்றன. குடியிருப்பாளர் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை.

வகுப்பதற்கு முன் மூன்று பெருக்கல்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: அலகுகள் பெருக்கல் வீதம், நாட்கள் பெருக்கல் நாள் வீதம், கூட்டுத்தொகை பெருக்கல் 0.05. இவற்றில் ஓரிரு பென்ஸ் வேறுபடின் அது தசமங்களைச் சீர்செய்ததால் வருவது. நாட்களின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது வீண் வேலையன்று. நிறுவனம் மாறிய மாதங்களிலும் வீடு மாறிய மாதங்களிலும் ஒரே நாளுக்கு இருமுறை நிலையான கட்டணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அங்கேதான் காணமுடியும்.

சராசரி விலையும் அடுத்த அலகின் விலையும்

மொத்தம் 116.55 பவுண், அலகுகள் 300. வகுத்தால் 38.85 பென்ஸ். மூதாட்டியின் வீட்டில் ஓர் அலகு மின்சாரம், எல்லாம் அடங்கலாக, சராசரியாக அவ்வளவு. பட்டியலில் அச்சிடப்பட்டிருந்த 25 பென்ஸைவிட இது ஏறத்தாழ 14 பென்ஸ் கூடுதல். அக்கூடுதலில் 12 பென்ஸ் நிலையான கட்டணம், எஞ்சியது வரி.

இனி அதே நிறுவனத்தில், அதே திட்டத்தில், அதே 90 நாட்களில் 900 அலகுகள் பாவித்த ஐந்துபேர் கொண்ட அயல்வீட்டுக் குடும்பத்தைப் பார்க்கலாம். அலகுக் கட்டணம் 225.00 பவுண். நிலையான கட்டணம் அதே 36.00. கூட்டுத்தொகை 261.00, வரி 13.05, மொத்தம் 274.05. ஓர் அலகின் சராசரி விலை 30.45 பென்ஸ். இருவரும் வாங்கும் மின்சாரம் ஒன்றே, வீதமும் ஒன்றே. ஆயினும் குறைவாகப் பாவிப்பவருக்கு ஒவ்வோர் அலகும் எட்டு பென்ஸுக்கு மேல் கூடுதலாக விழுகிறது.

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ மின்கட்டணம் செலுத்திப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் அமைந்தது. பாவனை கூடக்கூட அடுத்த படியின் அலகு விலை ஏறும். மாதாந்த நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்தே ஏறும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 அலகுகள் இலவசம், அதன் பின்னரே படிகள் தொடங்குகின்றன. அங்கெல்லாம் குறைவாகப் பாவிப்பவருக்கு அலகு மலிவு. இலண்டனின் வழமையான திட்டத்தில் படிகள் இல்லை. நாள் கட்டணம் எல்லா வீட்டிற்கும் ஒன்றே என்பதால் சிறிய வீட்டின் சராசரி விலையே உயர்ந்து நிற்கிறது. ஊரில் கற்ற சிக்கனக் கணக்கை இங்கே அப்படியே வைத்தால் விடை பிழைத்துவிடும்.

ஆனால் 38.85 பென்ஸ் என்ற இந்த எண்ணையும் எல்லா இடத்திலும் எடுத்தாளக்கூடாது. மூதாட்டி கணப்பியை அணைத்தால் நிலையான கட்டணம் ஒரு பென்ஸும் குறையாது. குறைவது அந்த அலகின் விலையும் அதன் வரியும் மட்டுமே: 25 பென்ஸ், அதன் ஐந்து சதவீதம் 1.25, ஆக 26.25 பென்ஸ். இதை அடுத்த அலகின் விலை எனலாம். ஒரு பொருளைப் போடுவதா, அணைப்பதா, பழையதை மாற்றுவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த எண்ணே விடை.

ஆயிரம் வாற் கணப்பியை இரவில் இரண்டு மணிநேரம் போட்டால் இரண்டு அலகுகள், செலவு 52.5 பென்ஸ். மூதாட்டி மனத்தில் கொண்டிருந்த கணக்கின்படி அது 1 பவுண் 16 பென்ஸுக்கு மேல். குளிர்காலத்தின் 90 இரவுகளும் போட்டாலும் கூடுதற் செலவு 47.25 பவுண், அவர் அஞ்சியதோ ஏறத்தாழ 105 பவுண். 47 பவுண் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குச் சிறிய தொகை என்று எவரும் சொல்லப்போவதில்லை. எனினும் முடிவு செய்யவேண்டிய தொகை அதுதான். அதைப்போல் இருமடங்கிற்கு மேலான வேறொன்றன்று. அவ்வாறு 180 அலகுகள் கூடுதலாகப் பாவித்திருந்தால் அவருடைய மொத்தம் 163.80 பவுண் ஆகியிருக்கும். 480 அலகுகளால் வகுத்தால் சராசரி 34 பென்ஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். கட்டணம் ஏறியபோது சராசரி விலை இறங்குவது இவ்வாறுதான். சராசரி குறைந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்து மின்சாரம் மலிந்துவிட்டது என்று கொள்வது பிழை.

இதன் மறுமுனை, பாவனையே இல்லாத வீடு. கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ சென்று 90 நாட்கள் கழித்துத் திரும்பும் குடும்பம் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுச் சென்றாலும், வரியுடன் நாளொன்றுக்கு 42 பென்ஸ் வீதம் 37.80 பவுண் சேர்ந்திருக்கும். முற்கொடுப்பனவு மின்மானி உள்ள வீடுகளில் இது வேறு வடிவில் வெளிப்படும். மானியிலிருந்த பணம் தீர்ந்தபின்பும் நாள் கட்டணம் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பிவந்தவர் 20 பவுணுக்கு நிரப்பினால் அதிலிருந்து கடன் கழிக்கப்பட்டு, விளக்கு எரிவதற்குச் சிறிதே எஞ்சும், சிலவேளை எதுவும் எஞ்சாது. புறப்படும் முன்பே அவ்வளவு பணத்தை மானியில் இட்டுச் செல்வது குளிர்சாதனப் பெட்டியையும் காப்பாற்றும்.

நாள் கட்டணம் இல்லாத திட்டங்கள்

நிலையான கட்டணம் எப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் நிர்ணயிக்கும் விலை உச்சவரம்பின் தேசிய சராசரியில், மின்சாரத்துக்கான நாள் கட்டணம் 2021 ஒக்டோபரில் ஏறத்தாழ 25 பென்ஸாக இருந்தது. 2022 ஏப்ரலில் 45 பென்ஸைத் தாண்டியது. அக்காலத்தில் வரிசையாக மூடப்பட்ட விநியோக நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட செலவு இதில் சேர்ந்தது. மின்கம்பி வலையமைப்புக்கான செலவின் ஒரு பகுதி அலகு விலையிலிருந்து நாள் கட்டணத்துக்கு மாற்றப்பட்டதும் மற்றொரு காரணம். வலையமைப்புச் செலவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். மக்கள் நெருங்கி வாழும் இலண்டன் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் இது தேசிய சராசரியைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. வானொலியில் கேட்ட தேசிய எண் பட்டியலிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் வரி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான உச்சவரம்பு, தேசிய சராசரியாக அலகுக்கு 27.03 பென்ஸ், நாளுக்கு 53.80 பென்ஸ் என அறிவிக்கப்பட்டது. அவ்வெண்களில் 5 சதவீத வரி ஏற்கனவே அடங்கியுள்ளது. பட்டியல்களிலோ பெரும்பாலும் வரிக்கு முந்திய வீதமே அச்சிடப்படும், அந்த 27.03 பட்டியலில் 25.74 ஆகத் தோன்றும். ஒப்பிடுவதற்கு முன் ஒன்றை 1.05 ஆல் பெருக்கவோ மற்றதை வகுக்கவோ வேண்டும். அதே காலத்தில் ஆண்டுக்கு 1,849 பவுண் என்ற எண்ணும் செய்திகளில் வந்தது. ஒரு வீட்டின் மொத்தக் கட்டணம் அதற்கு மேல் போகாது என்று பலர் அதை விளங்கிக்கொண்டனர். உச்சவரம்பு வீதங்களுக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு 2,700 அலகு மின்சாரமும் 11,500 அலகு எரிவாயுவும் பாவிக்கும் வீட்டிற்கு அவ்வீதங்களின்படி வரும் தொகையே அது. கூடப் பாவித்தால் கூடவே வரும்.

குறைவாகப் பாவிப்போரைக் கருதி, நாள் கட்டணம் அறவே இல்லாத அல்லது மிகக் குறைந்த திட்டங்களைச் சில நிறுவனங்கள் வழங்குகின்றன. அவற்றில் அலகு விலை உயர்ந்திருக்கும். எது நன்மை என்பதை, பட்டியலைப் பிரித்து வைத்திருப்பவர் இரண்டு வரிகளில் கண்டுகொள்ளலாம். மூதாட்டிக்கு நாள் கட்டணம் இன்றி அலகு 32 பென்ஸ் என்ற திட்டம் கூறப்படுகிறது என்க. ஒவ்வோர் அலகிலும் அவர் 7 பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். மறுபுறம் 90 நாட்களில் 36 பவுண் மிஞ்சும். 36 பவுணை 7 பென்ஸால் வகுத்தால் 514. அக்காலத்தில் 514 அலகுகளுக்குக் குறைவாகப் பாவிக்கும் வீட்டிற்குப் புதிய திட்டம் இலாபம். அதற்கு மேற்பட்டதற்கு நட்டம். 300 அலகுகள் பாவிக்கும் மூதாட்டிக்கு வரியுடன் 15.75 பவுண் மிஞ்சும். 900 அலகுகள் பாவிக்கும் குடும்பத்துக்கு 28.35 பவுண் கையைக் கடிக்கும். கணப்பியை 90 இரவுகள் போட்டு 480 அலகை எட்டினால் மூதாட்டிக்கும் இலாபம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆதலால் இக்கணக்கை ஒரு காலாண்டுக்கன்றி ஓராண்டுப் பாவனைக்குச் செய்வதே முறை. சில திட்டங்களில் நாளின் முதற் சில அலகுகளுக்கு மட்டும் உயர்ந்த விலை வைத்து, பின்னர் விலையை இறக்குவதும் உண்டு. பெயரில் நாள் கட்டணம் இல்லையென்றாலும் அது நாள் கட்டணத்தின் வேலையையே செய்கிறது.

வாசிப்பு ஊகமாயின்

இதுவரை செய்த கணக்கு முழுவதும் 300 என்ற எண்ணின் மேல் நிற்கிறது. வாசிப்பின் அருகே அது மதிப்பீடு என்று குறிக்கப்பட்டிருந்தால், மானியை எவரும் பார்க்கவில்லை என்பது பொருள். கூடுதலாக மதிப்பிடப்பட்டால் அடுத்த பட்டியலில் சரியாகிவிடும் என்பர். அது வீதம் மாறாதவரைதான் உண்மை. உச்சவரம்பு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் முதலாம் திகதிகளில் மாறுகிறது. விலை ஏறிய நாளுக்கு முன் பாவித்த அலகுகள், ஊக வாசிப்பினால் அதன் பின் பாவித்தவையாக எழுதப்பட்டால், அவற்றுக்கு ஏறிய விலையே அறவிடப்படும். அத்திகதிகளை ஒட்டி மானியைப் படம் பிடித்து வாசிப்பை நிறுவனத்துக்கு அனுப்புவது இதற்காகத்தான். காலத்தின் நடுவில் வீதம் மாறியிருந்தால் பட்டியலில் இரு தொகுதி வரிகள் இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

குளிர்காலக் கட்டணக் கழிவான 150 பவுண் போன்ற வரவுகள் பட்டியலில் கழிக்கப்பட்டிருப்பின், அவற்றை விலக்கிவிட்டே சராசரி காணவேண்டும். அது உதவித்தொகை, அலகின் விலை அதனால் மாறுவதில்லை.

கடைக்கு மேலே குடியிருந்து, கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மானி வைத்திருப்போர் வரி வரியைத் தனியாகப் பார்க்கவேண்டும். வணிக மின்சாரத்துக்குப் பெறுமதி சேர் வரி 20 சதவீதம். ஆயினும் ஒரு மானியின் பாவனை சராசரியாக நாளொன்றுக்கு 33 அலகுகளை மிஞ்சாவிட்டால் அதற்கும் 5 சதவீதமே உரியது. அதற்கு மேற்பட்டாலும், 60 சதவீதமோ கூடுதலோ வீட்டுப் பாவனையென நிறுவனத்துக்குச் சான்றுப் படிவம் கொடுத்தால் முழுவதற்கும் 5 சதவீதமே. மேலே கண்ட 900 அலகுகள் நாளுக்குப் பத்து அலகு மட்டுமே. 261 பவுணின் மீது 20 சதவீதம் விதித்தால் வரி 52.20 பவுண்; உரியது 13.05. காலாண்டுக்கு 39.15 பவுண் மிகையாகப் போகும்.

அறை வாடகைக்கு இருப்பவரும் துணைமானியும்

சராசரி விலை தன் முழுப் பொருளையும் பெறும் இடம் இதுதான். அந்த 900 அலகுக் குடும்பம் மேல்மாடி அறையொன்றை ஓர் இளைஞருக்கு வாடகைக்கு விட்டு, அறைக்கெனத் துணைமானி ஒன்றைப் பொருத்தியிருக்கிறது. 90 நாட்களில் துணைமானி காட்டியது 200 அலகுகள். வீட்டு உரிமையாளர் அலகுக்கு 45 பென்ஸ் வீதம் 90 பவுண் கேட்கிறார். பட்டியல், வரி, நாள் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வரும் என்கிறார். அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே கொள்ளவேண்டியதில்லை. மூதாட்டி செய்த அதே வகுத்தலை அவரும் செய்திருக்கலாம்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வாங்கிய மின்சாரத்தை மற்றவருக்கு மறுவிற்பனை செய்வோர் அறவிடக்கூடிய உச்ச விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை அமைப்புக்கு அளிக்கிறது. அதன்கீழ் 2003 ஜனவரி முதலாம் திகதி முதல் வீட்டுப் பாவனைக்குப் பொருந்தும் விதி: மறுவிற்பனை செய்பவர் தாம் கொடுத்த விலைக்கு மேல் அறவிடக்கூடாது. அலகு விலை, நாள் கட்டணத்தில் உரிய பங்கு, வரி ஆகியவற்றைக் கேட்கலாம். மின்சாரத்தின் விலைக்குள் இலாபம் வைக்க முடியாது.

மொத்தம் 274.05 பவுண், 900 அலகுகள், ஆகவே அலகு 30.45 பென்ஸ். இதில் நாள் கட்டணமும் வரியும் பாவனைக்கு ஏற்ற பங்கில் ஏற்கனவே அடங்கிவிட்டன. 200 அலகுகளுக்கு 60.90 பவுண். உரிமையாளர் கேட்டது 90.00. மிகை 29.10 பவுண். இளைஞரும் 26.25 பென்ஸே தருவேன் என்று வாதாட முடியாது. அது உரிமையாளரை மட்டும் நாள் கட்டணம் முழுவதையும் சுமக்கச் செய்யும். பங்கிடுவதற்கு உரியது சராசரி விலை.

வாடகைக்குள் மின்சாரமும் அடங்கும் என்று ஒரே தொகையாகப் பேசியிருந்தால் இவ்விதி பொருந்தாது. மின்சாரத்துக்கெனத் தனியாகப் பணம் பெறப்படும்போதே பொருந்தும். விலை எவ்வாறு கணிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை வாடகையாளருக்கு உண்டு. கேட்கவேண்டியவை மூன்று: அக்காலத்துக்குரிய விநியோக நிறுவனத்தின் பட்டியல், பிரதான மானியின் இரு வாசிப்புகள், துணைமானியின் இரு வாசிப்புகள். பின்னிரண்டும் ஒரே நாட்களில் எடுக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வகுத்தல் பொருளற்றதாகிவிடும். கணக்கை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, பணிவான கடிதத்துடன் கொடுத்தாலே பல பிணக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிடின், மிகையாகச் செலுத்திய தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறக் கவுண்டி நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கையாக வழக்கிடலாம்.

பிழை உரிமையாளரிடமன்றி விநியோக நிறுவனத்தின் பட்டியலிலேயே இருக்குமானால் வழி வேறு. முறைப்பாட்டை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்த நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டு வாரங்களில் தீராவிட்டால் அதை எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகக் கொண்டுசெல்லலாம். வாடிக்கையாளரின் தவறின்றி, முன்னர் சரியாகப் பட்டியலிடப்படாத மின்சாரத்துக்கு, பன்னிரண்டு மாதங்களுக்கு முற்பட்ட காலத்துக்குரிய பணத்தை நிறுவனம் இப்போது கேட்கமுடியாது என்பதையும் கடிதத்தில் குறிப்பிடலாம். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இணைப்பின் இலக்கம் 0808 223 1133. அழைக்கும்போது பட்டியலின் இரண்டாம் பக்கமும் மேலே கண்ட மூன்று பெருக்கல்களும் கையில் இருக்கட்டும். பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.